இரண்டரை விநாடியில் நின்ற ஊதல்

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் என் சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் உறையுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே ஒற்றைத் தாள் மருத்துவ அறிக்கை இருந்தது. அவருக்கு வயது 58. லாரி ஓட்டியே பிழைத்தவர். 22 வயதில் தொடங்கிய சிகரெட் பழக்கத்தை அன்றுவரை விட்டதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சித்தி வற்புறுத்தியதால், ஊருக்கு அருகிலிருந்த ஒரு பரிசோதனை மையத்தில் 'ஊதுற டெஸ்ட்' எடுத்திருக்கிறார். மூச்சுக்குழாய் அடைப்பு எதுவும் இல்லை, நுரையீரல் கொஞ்சம் சுருங்கியிருக்கலாம் என்று அந்தத் தாளின் அடியில் இயந்திரம் அச்சிட்டிருந்தது. "சிகரெட்டால ஒண்ணும் ஆகலையாம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே என்னிடம் நீட்டினார். அவர் முகத்தில் இருந்தது நிம்மதியா வெற்றியா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் மதுரையில் ஒரு நெஞ்சக நோய் மருத்துவரிடம் இதே சோதனையை எடுக்கும் டெக்னீஷியனாகப் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் ஸ்பைரோமெட்ரி எனப்படும் இந்த ஊதல் சோதனையின் அறிக்கை எதைக் கையில் வாங்கினாலும் எண்களைப் படிக்கும் முன்பு வரைபடத்தைத்தான் பார்ப்பேன். சித்தப்பாவின் வரைபடத்தில் கோடு பாதி வழியிலேயே நின்றிருந்தது. ஊதிய நேரம் 2.4 விநாடி என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அந்தத் தாளில் நம்பத்தக்க எண்கள் ஒன்றிரண்டுதான் என்பது அப்போதே புரிந்துவிட்டது. அது ஏன் என்பதை விளக்க வேண்டுமானால், இந்தச் சோதனை எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே அளவு தண்ணீர் பிடிக்கும் இரண்டு பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வாய் அகன்ற அண்டா, மற்றொன்று கழுத்து குறுகிய குடம். இரண்டையும் ஒரே நேரத்தில் கவிழ்த்தால் அண்டா ஒரே வீச்சில் காலியாகிவிடும், குடமோ 'களக் களக்' என்று நெடுநேரம் இறைத்துக்கொண்டிருக்கும். எவ்வளவு பிடிக்கிறது என்பது ஒரு கேள்வி, எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பது வேறொரு கேள்வி. ஸ்பைரோமெட்ரி இவ்விரண்டையும் ஒரே ஊதலில் கேட்கிறது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, இருக்கும் பலத்தையெல்லாம் கூட்டி ஊதி, கடைசிச் சொட்டுக் காற்று வரை வெளியேற்ற வேண்டும். அவ்வாறு வெளியேறிய மொத்தக் காற்றின் அளவு அறிக்கையில் FVC என்று அச்சாகும். அதில் முதல் ஒரு விநாடிக்குள் வெளியேறிய பங்கு FEV1 என்று அச்சாகும். அறிக்கையில் இருபது வரிகள் இருந்தாலும், புகைபிடிப்பவருக்குத் தேவையான செய்தி பெரும்பாலும் இந்த இரண்டு எண்களிலும், ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிடைக்கும் விகிதத்திலும் அடங்கிவிடுகிறது.

காற்றின் மொத்த அளவை அளக்கும் கருவியை லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் 1846இலேயே விவரித்துவிட்டார். முதல் விநாடியைத் தனியாகப் பிரித்து அளந்தால்தான் மூச்சுக்குழாய்களின் குறுக்கம் தெரியும் என்ற எண்ணம் வருவதற்கு அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

புகையிலைப் புகை முதலில் தாக்குவது பெரிய மூச்சுக்குழாய்களை அல்ல. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய நுண்குழாய்களின் சுவர்கள்தாம் முதலில் தடித்துக் குறுகுகின்றன. கூடவே, அக்குழாய்களைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்துத் திறந்து வைத்திருக்கும் மீள்தன்மையுள்ள நுரையீரல் திசு அரிக்கப்படுகிறது. கூடாரத்தின் இழுகயிறுகளை ஒவ்வொன்றாக அறுப்பதைப் போன்றது அது. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் குழாய்களும் விரிந்துகொடுக்கின்றன. வேகமாக வெளியே ஊதும்போது மட்டும், பிடிமானம் இழந்த குழாய்கள் அமுங்கிக்கொள்கின்றன. ஆகவே இந்நோயாளிகளின் சிக்கல் பெரும்பாலும் காற்றை உள்ளே இழுப்பதில் இல்லை, வெளியே விடுவதில்தான் இருக்கிறது. எங்களிடம் வரும் பலரும் "மூச்சை இழுக்க முடியலை" என்றே சொல்வார்கள். பழைய காற்று வெளியேறாமல் உள்ளேயே தங்கியிருப்பதால் புதிய காற்றுக்கு இடமில்லை என்பதைத்தான் அவர்கள் அப்படி உணர்கிறார்கள்.

இதனால்தான் முதலில் பார்க்க வேண்டியது விகிதம் என்கிறோம். நலமுள்ள நடுவயதுக்காரர் தம் மொத்த மூச்சில் முக்கால் பங்கையோ அதற்குச் சற்று மேலோ முதல் விநாடியிலேயே ஊதிவிடுவார். குழாய்களை விரிக்கும் மருந்தைக் கொடுத்த பிறகும் இவ்விகிதம் 0.70க்குக் கீழே இருந்தால் நிலையான அடைப்பு இருக்கிறது என்று கொள்வது உலகெங்கும் பழகிவிட்ட அளவுகோல். புகைபிடித்த வரலாறும் இருமல், சளி, மூச்சிரைப்பு போன்ற தொந்தரவுகளும் அதனுடன் சேர்ந்தால் மருத்துவர் அதற்குச் சி.ஓ.பி.டி. என்று பெயர் வைப்பார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்பது அதன் தமிழ்ப்பெயர்.

இப்போது சித்தப்பாவின் தாளுக்கு வருவோம். அதில் FEV1 1.75 லிட்டர், FVC 2.35 லிட்டர். வகுத்தால் 0.74 வருகிறது. 0.70க்கு மேல் இருப்பதால் அடைப்பு இல்லை என்று இயந்திரம் முடிவு கட்டியது. அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படும் FVC 3.40 லிட்டர். கிடைத்ததோ அதில் 69 விழுக்காடு. ஆகவே மொத்தக் கொள்ளளவே குறைந்திருக்கிறது, நுரையீரல் சுருங்கியிருக்கலாம் என்றும் அது சேர்த்துக்கொண்டது. கணக்கில் பிழையில்லை. பிழை ஊதியதில் இருந்தது. கழுத்து குறுகிய குடத்தைக் கவிழ்த்து, பாதித் தண்ணீர் வெளியேறியதும் நிமிர்த்திவிட்டு, 'இதன் கொள்ளளவு இவ்வளவுதான், அதுவும் விரைவாகவே காலியாகிவிட்டது' என்று எழுதி வைத்தது போன்ற செயல் அது. முதல் விநாடியின் அளவு முதல் விநாடியிலேயே முடிந்துவிடுவதால் FEV1 ஏறத்தாழச் சரியாகவே இருக்கும். பாதியில் நிறுத்தினால் குறைவது FVC மட்டுமே. வகுக்கும் எண் குறைந்தால் விகிதம் உயரும். அடைப்பு எவ்வளவு கடுமையோ அவ்வளவு நீண்ட நேரம் ஊத வேண்டியிருக்கும், அவ்வளவு சீக்கிரம் மூச்சுத் திணறி நிறுத்தவும் தோன்றும். ஆகவே இந்தத் தவறு, நோய் உள்ளவர்களைப் பார்த்துத்தான் அதிகம் நிகழ்கிறது. ஒரு சோதனையில் இதைவிட மோசமான குறை இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவப் படிப்பு எதுவும் வேண்டாம். அறிக்கையில் இரண்டு வரைபடங்கள் இருக்கும். கிடைக்கோட்டில் விநாடிகளும் செங்குத்துக் கோட்டில் லிட்டரும் உள்ள படத்தில், கோடு முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு வளைந்து, கடைசியில் மொட்டைமாடித் தளம் போலத் தட்டையாக வேண்டும். கடைசி ஒரு விநாடியில் 25 மில்லிலிட்டருக்கும் குறைவான காற்றே வெளிவந்திருக்க வேண்டும், அல்லது 15 விநாடி ஊதி முடித்திருக்க வேண்டும் என்பது 2019இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட தர நெறி. கோடு ஏறிக்கொண்டிருக்கும்போதே வெட்டுப்பட்டிருந்தால் FVCயையும் விகிதத்தையும் நம்பக் கூடாது. மற்றொரு படம் காற்றின் வேகத்தைக் காட்டுவது. அது விரைவாக உச்சிக்கு ஏறி, பின்பு ஏறக்குறைய நேர்கோட்டில் சரிய வேண்டும். அடைப்பு இருந்தால் அச்சரிவு அரிவாளின் உட்புறம் போலக் குழிந்து இறங்கும். சித்தப்பாவின் தாளில் அந்தக் குழிவு வெட்டுப்பட்ட இடம் வரைக்கும் தெளிவாகவே தெரிந்தது. இயந்திரம் அதைப் பார்க்கவில்லை, அதற்குக் கொடுக்கப்பட்ட எண்களை மட்டும் பார்த்தது.

மறுவாரம் அவரை எங்கள் கிளினிக்குக்கு வரச்சொன்னேன். வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே சிகரெட் கூடாது, வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, பெல்ட்டை இறுக்கிக் கட்டக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஏற்கெனவே இன்ஹேலர் எடுப்பவராக இருந்தால், எந்த மருந்தை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டுவிட்டு வரவேண்டும். குறுகிய நேரம் வேலை செய்பவற்றுக்கும் நாள் முழுக்க வேலை செய்பவற்றுக்கும் அந்தக் கணக்கு வேறுபடும். அவருக்குக் கீழ்ப்பல் செட் உண்டு. கழற்றிவிடவா என்று கேட்டார். இறுக்கமாக நிற்கும் செட்டைக் கழற்றக் கூடாது, கழற்றினால் உதடு மவுத்பீஸைச் சுற்றிப் பிடிக்காமல் காற்று ஓரத்தில் கசியும். செருப்பைக் கழற்றச் சொல்லி உயரத்தை நானே அளந்தேன். 165 சென்டிமீட்டர். எதிர்பார்க்கும் அளவுகளெல்லாம் உயரத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், "அஞ்சரை அடி இருக்கும்" என்று வாய்ச்சொல்லாகக் கேட்டு எழுதிக்கொள்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

நிமிர்ந்து உட்கார வைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, அட்டைக் குழாயைப் பல்லுக்கு இடையில் வைத்து உதட்டால் மூடச் சொன்னேன். முதல் முயற்சியில் ஊதத் தொடங்கியதுமே இருமிவிட்டார். முதல் விநாடிக்குள் இருமல் வந்தால் அந்த ஊதலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டாம் முறை, மூன்று விநாடி ஆனதும் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார், நிறுத்தலாமா என்று. இந்த இடத்தில்தான் டெக்னீஷியனுக்கு வேலை. "விடாதீங்க சித்தப்பா, ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இருக்கு, ஊதுங்க" என்று பக்கத்து அறைக்குக் கேட்கும்படி கத்தினேன். திரையில் கோடு ஊர்ந்து ஊர்ந்து ஏறிக்கொண்டே இருந்தது. முகம் சிவந்து, தோள்கள் முன்னால் குவிந்து, பதினோராவது விநாடியில் கோடு தட்டையானது. குழாயை எடுத்ததும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்க ஒரு பொண்ணு ஒரு தடவ ஊதச் சொல்லிட்டு போதும்னுட்டாளே" என்றார்.

ஒரு தடவை போதாது. குறையற்ற ஊதல்கள் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் மிகச் சிறந்த இரண்டின் FEV1 ஒன்றுக்கொன்று 150 மில்லிலிட்டருக்குள் இருக்க வேண்டும், FVCயும் அவ்வாறே. அதற்காக எட்டு முறை வரை ஊத வைக்கலாம். ஒருவர் முழு முயற்சியுடன் ஊதினாரா என்பதை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. ஆனால் அரைகுறையாக ஊதுபவரால் அதே அரைகுறையைத் திரும்பத் திரும்ப ஒரே அளவில் செய்ய முடியாது. ஊதல்கள் ஒன்றோடொன்று பொருந்துவதே முழு முயற்சிக்குச் சான்று. சித்தப்பாவின் தேர்ந்த மூன்று ஊதல்களில் FEV1 1.78, 1.74, 1.66 லிட்டர் என்றும், FVC 3.02, 2.95, 2.80 லிட்டர் என்றும் வந்தன. மிகச் சிறந்த இரண்டுக்கும் இடையே முதலாவதில் 40 மில்லிலிட்டரும் மற்றதில் 70 மில்லிலிட்டரும்தான் வேறுபாடு. புதிய இயந்திரங்கள் இதைப் பார்த்து A, B என்று தரக்குறி போடுகின்றன. உங்கள் அறிக்கையில் அப்படி ஓர் எழுத்து இருந்தால், A அல்லது B என்பதை நம்பலாம், அதற்குக் கீழே இருந்தால் கேள்வி கேட்கலாம்.

முதல் அறிக்கையின் FEV1 1.75, இப்போது 1.78. ஏறத்தாழ மாற்றமே இல்லை. FVC மட்டும் 2.35இலிருந்து 3.02ஆக உயர்ந்துவிட்டது. விகிதம் 0.74இலிருந்து 0.59ஆக இறங்கிவிட்டது. நுரையீரல் சுருங்கவும் இல்லை, அடைப்பு இல்லாமலும் இல்லை. முதல் தாள் சொன்ன இரண்டும் தலைகீழ்.

பிறகு மருந்துக்குப் பிந்தைய சோதனை. சால்பியூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் குப்பியில் பொருத்தி, ஒவ்வொன்றும் 100 மைக்ரோகிராமாக நான்கு பஃப், ஒவ்வொன்றாக இழுக்க வைத்தேன். பதினைந்து நிமிடம் வெளியே உட்காரச் சொன்னேன். கை லேசாக நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றார். அம்மருந்துக்கு அது வழக்கம், சிறிது நேரத்தில் அடங்கிவிடும். மீண்டும் ஊதியபோது FEV1 1.90 லிட்டர், FVC 3.12 லிட்டர், விகிதம் 0.61. இந்த இரண்டாம் பகுதியைச் செலவு என்றோ நேரமில்லை என்றோ பலர் தவிர்க்கிறார்கள். ஆனால் நோயின் பெயரைத் தீர்மானிப்பதே இந்தப் பகுதிதான். மருந்தால் குழாய்கள் விரிந்து விகிதம் 0.70ஐத் தாண்டிவிட்டால் அது சி.ஓ.பி.டி. என்று சொல்வதற்கில்லை, ஆஸ்துமாவின் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். மருந்துக்குப் பின் FEV1 உயர்வு, எதிர்பார்க்கும் அளவில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் குறிப்பிடத்தக்க உயர்வு என்று புதிய வழிகாட்டுதல் சொல்கிறது. சித்தப்பாவுக்கு உயர்ந்தது 120 மில்லிலிட்டர். எதிர்பார்க்கும் 2.70 லிட்டரில் அது ஐந்து விழுக்காடுகூட இல்லை. அடைப்பு நிலையானதுதான்.

விகிதம் 'இருக்கிறதா' என்ற கேள்விக்கு விடை. 'எவ்வளவு' என்ற கேள்விக்கு FEV1இன் விழுக்காட்டைப் பார்க்க வேண்டும். 1.90ஐ 2.70ஆல் வகுத்தால் 70 விழுக்காடு. 80ம் அதற்கு மேலும் முதல் நிலை, 50 முதல் 79 வரை இரண்டாம் நிலை, 30 முதல் 49 வரை மூன்றாம் நிலை, அதற்கும் கீழே நான்காம் நிலை. அவர் இரண்டாம் நிலை. 70 விழுக்காடு என்றதும் தேர்வு மதிப்பெண் போல, "முதல் வகுப்புல பாஸ் ஆயிட்டேன்" என்று சிரித்தார். நூற்றுக்கு எழுபது என்பது அவர் வயதும் உயரமும் உள்ள நலமான மனிதரோடு ஒப்பிட்டுக் கிடைத்தது. அந்த ஒப்பீட்டு மனிதர் யார் என்பதும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஐரோப்பியர்களை அளந்து உருவான சமன்பாட்டை வைத்திருந்தால் நம்மவர்களின் விழுக்காடு குறைவாக வரும், தெற்காசியர்களுக்குத் திருத்திய சமன்பாட்டில் சற்றுக் கூடுதலாக வரும். ஆகவே இரண்டு ஆண்டுகளின் அறிக்கைகளை ஒப்பிடும்போது விழுக்காட்டை விட்டுவிட்டு லிட்டரைப் பாருங்கள். லிட்டருக்குச் சமன்பாடு தேவையில்லை.

0.70 என்ற எல்லைக்கும் ஒரு குறை உண்டு. வயது ஏற ஏற இவ்விகிதம் நோயில்லாதவர்களுக்கும் இயல்பாகவே குறைகிறது. எனவே எழுபத்தைந்து வயதுக்காரருக்கு 0.68 வந்தால் அது முதுமையாகவும் இருக்கலாம், நாற்பது வயதுக்காரருக்கு 0.72 வந்தால் அது நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். அறிக்கையில் LLN என்ற தலைப்பில் ஒரு நெடுவரிசை இருந்தால், அந்த வயதுக்கு ஏற்கத்தக்க கீழ் எல்லை அதுதான். விகிதம் விளிம்பில் இருப்பவர்கள் அதையும் சேர்த்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்கலாம்.

இனி யார், எப்போது இதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது. புகைபிடிப்பவர் எல்லாரும் ஆண்டுதோறும் ஊதிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு இதைப் பொதுச் சோதனையாக நடத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2016இலும், மீண்டும் 2022இலும் பரிந்துரைத்தது. தொந்தரவு தொடங்கும் முன்பே கண்டுபிடிப்பதால் பயன் கூடுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பதே காரணம். ஆனால் முப்பத்தைந்து, நாற்பதைத் தாண்டிய புகைபிடிப்பவருக்கோ விட்டவருக்கோ நாள்பட்ட இருமல், காலையில் சளி, இளைப்பு, மழைக்காலந்தோறும் நெஞ்சில் சளி கட்டுதல், நடந்தால் மூச்சிரைப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் கேட்டுப் பெற வேண்டும்.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. 'தொந்தரவு இருக்கிறதா' என்று கேட்டால் சித்தப்பா போன்றவர்கள் இல்லை என்றே சொல்வார்கள், அதுவும் பொய்யாகச் சொல்வதில்லை. காலை இருமலை 'சிகரெட் இருமல்' என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுவார்கள். மூச்சு வாங்கும் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிடுவார்கள். நான் அவரிடம் கேட்டது வேறு கேள்வி: ஐந்து ஆண்டுக்கு முன் செய்து இப்போது செய்யாதது என்ன? யோசித்து யோசித்துச் சொன்னார். தார்ப்பாய் கட்ட லாரி மேல் ஏறுவதைக் கிளீனரிடம் விட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மலைக்கோயிலுக்குச் சித்தியைத் தனியாக அனுப்பிவிட்டு அடிவாரத்தில் டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார். ஒரே வயதுள்ள நண்பர்களுடன் நடந்தால் பின்தங்குகிறார். இவையெல்லாம் தொந்தரவுதான்.

மருத்துவரிடம் எவ்வளவு புகைத்தீர்கள் என்பதையும் கணக்காகச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 20 சிகரெட் வீதம் ஓராண்டு என்பது ஓர் அலகு. 'பேக் இயர்' என்பார்கள். நம் ஊரில் பாக்கெட்டுக்குப் பெரும்பாலும் பத்துதான் என்பதால் பாக்கெட்டை எண்ணாமல் குச்சியை எண்ண வேண்டும். சித்தப்பா சராசரியாக 15 குச்சி, 36 ஆண்டு: 15ஐ 20ஆல் வகுத்து 36ஆல் பெருக்கினால் 27. பீடி பிடிப்பவர்கள், இது சிகரெட் கணக்குதானே என்று விட்டுவிடக் கூடாது. பீடியில் புகையிலை குறைவு என்றாலும், அணையாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் உள்ளே போகும் நஞ்சு குறைவதில்லை. விறகடுப்பில் பல்லாண்டு சமைத்ததையும், பழைய காசநோயையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டுமே புகைபிடிக்காமலும் இதே அடைப்பை உண்டாக்கக் கூடியவை.

சில நேரங்களில் இதை எடுக்கக் கூடாது. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் புதிதாகத் தொடர்ந்தால் முதலில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும், ஊதுகுழாய் அதற்குப் பிறகுதான். சளியில் இரத்தம் கண்டால் ஸ்பைரோமெட்ரிக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அண்மையில் மாரடைப்போ, கண், மூளை, வயிறு, நெஞ்சு அறுவைச் சிகிச்சையோ நடந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் ஊதும் விசையில் உடலுக்குள் அழுத்தம் கூடும். நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் அப்போதுதான் வந்து போயிருந்தால் சில வாரம் தள்ளி எடுத்தால்தான் உண்மை நிலை தெரியும்.

இதற்கு மாற்றாக நினைக்கப்படுபவை எதுவும் மாற்று அல்ல. எக்ஸ்-ரே தெளிவாக இருக்கும்போதே இரண்டாம் நிலை அடைப்பு இருக்கலாம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் சித்தப்பாவுக்கு 97 காட்டியது. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய மூன்று பந்துக் கருவியும் 'ஸ்பைரோமீட்டர்' என்ற பெயரில்தான் விற்கிறது. அது மூச்சை உள்ளே இழுத்துப் பழகும் பயிற்சிக் கருவி, அதில் பந்து மூன்றும் எழும்பினாலும் அடைப்பைப் பற்றி எதுவும் தெரியாது.

ஸ்பைரோமெட்ரிக்கும் ஓர் எல்லை உண்டு. புகை முதலில் தாக்கும் நுண்குழாய்கள் எண்ணிக்கையில் மிகப் பல என்பதால், அவற்றில் கணிசமானவை கெட்ட பிறகே விகிதம் அசையத் தொடங்கும். விகிதம் இயல்பாக இருக்கும்போதே சிலருக்கு சி.டி. ஸ்கேனில் திசு அரிப்பு தெரிவதுண்டு. நுரையீரல் புற்றுநோயைப் பற்றி இந்த ஊதல் ஒன்றுமே சொல்லாது. அறிக்கை இயல்பாக வந்தால் அது புகைப்பதற்கு அனுமதிச் சீட்டாகிவிடுமே என்று எங்கள் மருத்துவர்கூட ஒருமுறை கவலைப்பட்டார். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் 561 புகைபிடிப்பவர்களுக்குச் சோதனை செய்து, பாதிப்பேருக்கு 'உங்கள் நுரையீரலின் வயது இத்தனை' என்று விளக்கிச் சொன்னார்கள். ஓராண்டு கழித்து அவர்களில் 13.6 விழுக்காட்டினர் புகையை விட்டிருந்தார்கள், வெறும் எண்ணை மட்டும் பெற்றவர்களில் 6.4 விழுக்காட்டினர். 2008இல் வெளியான அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு: நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று கேட்டவர்களும் கெட்டிருக்கிறது என்று கேட்டவர்களுக்குக் குறையாமல் விட்டிருந்தார்கள்.

சித்தப்பாவுக்கு மருத்துவர் ஓர் இன்ஹேலரும், புகையை விடுவதற்கு நிக்கோடின் சூயிங்கமும் எழுதிக் கொடுத்தார். "இழந்தது திரும்புமா?" என்று அவர் கேட்டார். திரும்பாது என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. மாறக்கூடியது இனி இழக்கும் வேகம். அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடக்க நிலை அடைப்புள்ள புகைபிடிப்பவர்களைப் பதினோரு ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, தொடர்ந்து புகைத்த ஆண்களின் FEV1 ஆண்டுக்கு ஏறத்தாழ 66 மில்லிலிட்டர் குறைந்தது, விட்டு நின்றவர்களுக்கு 30. நலமானவர்களுக்கும் வயதால் ஏறத்தாழ அவ்வளவு குறையத்தான் செய்யும்.

அவர் ஆடி மாதத்தில் ஒருமுறை விட்டு, தீபாவளிக்குத் தொடங்கி, தை பிறந்ததும் மறுபடியும் விட்டார். இந்தச் சித்திரையில் மீண்டும் ஊத வந்தார். இந்த முறை நான் கத்த வேண்டியிருக்கவில்லை, பத்து விநாடியைத் தாமே விரல்விட்டு எண்ணிக்கொண்டே ஊதினார். மருந்துக்குப் பின் FEV1 1.86 லிட்டர். 40 மில்லிலிட்டர் குறைந்துவிட்டதே, விட்டும் பயனில்லையா என்றார். ஒரே காலையில் எடுத்த இரண்டு ஊதல்களுக்கு இடையிலேயே 150 வரை வேறுபாட்டை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அப்படியிருக்க ஓராண்டின் 40 எதையும் சொல்லாது, நான்கைந்து ஆண்டுத் தாள்களை வரிசையாக வைத்தால்தான் சரிவு தெரியும் என்றேன். அந்தத் தாளையும் அதே பிளாஸ்டிக் உறையில் வைத்தார். முதல் மையத்தின் தாளைக் கிழித்துப் போடப் போனவரைத் தடுத்து, அதன் மேல் 'FEV1 மட்டும் சரி' என்று பேனாவால் எழுதி உள்ளே வைத்தேன்.